கூப்பிட்டால் பதில் சொல்லாதவருக்கு

என் வீட்டுக்காரர் இன்று உயிரோடு இருப்பதற்கு ஒரு நோட்டீஸில் இருந்த ஒற்றை வரிதான் காரணம். அந்த வரியை இடமில்லை என்று சொல்லி வெட்டப் பார்த்தவள் நான். இதை யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற வேலை எனக்கு. காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் கட்டுவேன். அந்த வருஷம் சித்திரை பிறக்கும் முன்பே ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. சுகாதாரத் துறையிலிருந்து வெப்ப அலை எச்சரிக்கை நோட்டீஸுக்கு ஆர்டர் வந்தது. வெளியில் வேலை செய்கிறவர்கள், வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் என்று மூன்று பகுதி. எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும்.

நான் முதலில் செய்த காரியம், மேலே ஒரு பெரிய சூரியனை வைத்தது. பழைய காலண்டர் ஒன்றுக்காக வரைந்து வைத்திருந்த படம். மஞ்சளும் சிவப்புமாய், கதிர் ஒவ்வொன்றும் தனித்தனியாய் அவ்வளவு அழகு. முதலாளி அண்ணாச்சிகூடப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். அவர் அப்படிச் சொல்வது தீபாவளிக்குத் தீபாவளிதான்.

புரூஃப் பார்க்கப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்தார். நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் சின்னதாய் ஒரு சிலுவை, கையில் துணி வெளுத்துப்போன குடை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தாளை ஒரு எழுத்து விடாமல் படித்தார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது சரி. பளுவான வேலையைக் காலையிலோ வெயில் தாழ்ந்தோ வைத்துக்கொள்ள வேண்டும், தனியாக இருக்கும் வயதானவர்களைத் தினமும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும், நிறுத்திய காருக்குள் பிள்ளையை ஒரு நிமிஷம்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது, எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ‘மயக்கம் வந்தால் நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுக்கவும்.’

“நம்ம ஊருல மயக்கம்னா ரெண்டு இருக்கும்மா. தலை கிறுகிறுன்னு வந்தாலும் மயக்கம்பாக, பேச்சு மூச்சில்லாம கெடந்தாலும் மயக்கம்பாக. மொத ஆளுக்குத் தண்ணி குடுக்கலாம். ரெண்டாவது ஆளு வாயில ஊத்துனா அது மூச்சுக்குழலுக்குள்ள போயிரும்.”

சொல்லிவிட்டுத் தாளின் ஓரத்தில் எழுதினார். ‘கூப்பிட்டால் பதில் சொல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள். உடனே 108 வண்டியைக் கூப்பிடுங்கள்.’ அங்கிருந்தபடியே தன் டாக்டருக்குப் போன் போட்டு, எழுதியதை வாசித்துக் காட்டிச் சம்மதமும் வாங்கிவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கட்டி முடித்த பக்கத்தில் கை வைத்தால் எங்களுக்கு ஆகாது. இடமில்லை சிஸ்டர் என்றேன். எழுத்தைச் சின்னதாக்கலாமா என்று கேட்டதற்கு, வயசானவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று மடக்கினார். நானும் விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்தால் நாலு தடவை கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டார், இந்த வரியைப் போட்டால் அவருக்குச் சாயங்காலம் காப்பியே கொடுக்க முடியாது என்று கிண்டலடித்தேன். அண்ணாச்சி சிரித்துவிட்டார். சிஸ்டரும் சிரித்தார், ஆனால் வரியை விடவில்லை.

“சூரியனச் சின்னதாக்குங்க. அதான் தலைக்கு மேலயே நிக்குதே, நோட்டீஸ்ல வேற பாக்கணுமா?”

என் சூரியன் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி ஒரு மூலைக்குப் போனது. அந்த வரி கறுப்புக் கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் உட்கார்ந்தது. அன்று முழுக்க நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

நோட்டீஸைச் சிஸ்டர் அங்கன்வாடி, பஸ் ஸ்டாப், டீக்கடை என்று தானே நடந்து கொண்டுபோய்க் கொடுத்தார். சிவகாசியில் என் வீட்டுக்காரர் லோடுமேனாக இருக்கும், சரக்கு புக்கிங் நடக்கும் லாரி செட்டிலும், தண்ணீர் கேனுக்கு மேல் ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அன்று என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, நீ கட்டின நோட்டீஸ் எங்க செட்லயும் இருக்கு, சூரியன் ஏன் இம்புட்டுச் சின்னதா இருக்கு என்று கேட்டார். எனக்கு மறுபடியும் எரிந்தது.

கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் உச்சி வேளை. லாரி அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்று நிற்காமல் லோடு ஏற்றியிருக்கிறார்கள். தகரக் கொட்டகைக்குள் காற்றே கிடையாது. என் வீட்டுக்காரர் சம்பந்தமில்லாமல் ஏதோ உளறினாராம். விளையாடுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அடுத்த நடைக்குப் பெட்டியைத் தூக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

எங்கள் பக்கம் யாராவது விழுந்தால் முதலில் சோடாவைத்தான் உடைப்பார்கள். எதிர்க் கடைக்காரர் உடைத்த சோடாவோடு ஓடிவந்து, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துவிட்டார். பாட்டில் உதடு வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் செட்டின் புக்கிங் கிளார்க் குறுக்கே கையை நீட்டியிருக்கிறார். தினமும் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த கறுப்புக் கட்டம் அவருக்கு மனப்பாடம்.

“ஏலே, ஊத்தாத. கூப்பிட்டுப் பாத்தேன், பதில் இல்ல. மேல ஊத்து.”

சோடா அவர் நெஞ்சின் மேல் போனது. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கேன் தண்ணீர் மொத்தத்தையும் உடம்பில் ஊற்றி, அட்டைகளைக் கிழித்து நாலு பேர் விசிறியிருக்கிறார்கள். சோடாக் கடை ஐஸைத் துணியில் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்திருக்கிறார்கள். 108 வண்டி வரும்வரை யாரும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் சொன்னார், இங்கே கொண்டுவந்த பிறகு குளிரவைக்க ஆரம்பித்திருந்தால் சொல்வதற்கில்லை, செட்டிலேயே ஆரம்பித்ததுதான் காப்பாற்றியது என்று. வாயில் ஏதாவது ஊற்றினீர்களா என்று கேட்டார். இல்லை என்று வண்டியில் கூட வந்திருந்த கிளார்க் சொன்னார். நான் மட்டும் ஜெயித்திருந்தால் அந்தத் தண்ணீர் கேனுக்கு மேல் ஒரு அழகான சூரியன் இருந்திருக்கும், வரி இருந்திருக்காது.

சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏங்க என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. நாலு தடவை அல்ல, எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. பிறகு கண்ணைத் திறக்காமலே “ம்” என்றார். என் ஆயுசில் அதைவிட நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை.

வீடு திரும்பிய வாரமே இரண்டு பேரும் சிஸ்டரைப் பார்க்கப் போனோம். வெட்டப் பார்த்தவள் நான்தான் என்று சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க கட்டத்துக்குள்ள கொட்டை எழுத்துல போட்டீகள்ல, அதான் அவுக கண்ணுல பட்டுருக்கு” என்றார். எனக்குப் பங்கே இல்லாத நன்மையிலும் எனக்கொரு பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார், மகராசி. லாரி செட்டில் இப்போது உச்சி வெயிலில் லோடு ஏற்றுவதில்லை.

என் வீட்டுக்காரர் இன்னமும் டிவி பார்க்கிறார். காப்பியை ஆற்றிக்கொண்டு அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறேன். முதல் தடவையிலேயே குரல் வருகிறது: “இருக்கேன்.”