பவுடர் போட்ட சக்கரம்

எனக்குக் கை நடுக்கம் என்று ஒரு காலத்தில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பேசினார்கள். கம்பெனி வாசல்களில், டீக்கடைகளில், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில்கூடப் பேசினார்கள். எழுபதுகளில் நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், எரிகிறபோதே எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு லாரி கம்பெனியில் டிரைவர். துறைமுகத்தில் மெஷின் பெட்டிகளை ஏற்றி, திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் இறக்கவேண்டும். பெயருக்குத்தான் ஓட்டம், உண்மையில் ஊர்தல். கேட்டில் நிற்பது, ரயில்வே கேட்டில் நிற்பது, மாட்டுவண்டிக்குப் பின்னால் முக்குவது. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை விஜயவாடாவுக்கு லோடு கிடைத்தால் அன்றுதான் டாப் கியரைப் பார்ப்பேன்.

அந்த விஜயவாடா ஓட்டத்தில்தான் எல்லா வண்டிக்கும் ஒரு வியாதி இருந்தது. வேகம் பிடித்ததும் முன்சக்கரம் குதிக்கும், ஸ்டியரிங் கையைப் பிடித்து உலுக்கும். எல்லாம் தேய்ந்தபின் மேலே புது ரப்பர் ஒட்டிய ரீட்ரேட் டயர், ஒரு பக்கம் ரப்பர் கூடுதலாக இருக்கும், ஒரு பக்கம் குறைவாக இருக்கும். கார்ச் சக்கரத்துக்கு ஈயக்கட்டி அடித்துச் சமன் பார்ப்பார்கள். லாரிக்கு யார் பார்த்தார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவோம்.

அதற்கு மருந்து கொண்டுவந்தவன் என் சிநேகிதன். ஒரே தெருவில் பிறந்து, ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் நாங்கள். அவன் திருவொற்றியூர் ஹைரோட்டில் டயர் கடை வைத்திருந்தான், எங்கள் கம்பெனி வண்டிகள்தான் அவனுக்குச் சோறு. ஒருநாள் கப்பல்காரன் ஒருவனிடமிருந்து ஒரு டப்பா வாங்கிவந்தான். உள்ளே ரவையைவிடப் பொடியாக வெள்ளைத் தூள். வால்வின் ஊசியைக் கழற்றிவிட்டு, புனலும் ரப்பர் குழாயும் வைத்து, என் வண்டியின் முன்சக்கர டியூபுக்குள் அதைத் தட்டித்தட்டி இறக்கினான்.

"இன்னாடா இது, டயருக்குப் பவுடர் பூசி கண்ணாலம் பண்ணப்போறியா?" என்றேன்.

"சிரிக்காத மாமு, கேளு. வண்டி மெதுவா போவசொல்ல இது அடியில பொரண்டுகினு கெடக்கும், ஒரு புண்ணியமும் கெடையாது. வேகம் புடிச்சா டியூபோட உள்பக்கம் சுத்திலும் ஒட்டிக்கும். சக்கரத்துல ஒரு பக்கம் கனம் ஜாஸ்தின்னு வெச்சுக்கோ. அப்போ அது அச்சுக்கு நடுவுல சுத்தப் பாக்காது, கனம் கீற பக்கமா கொஞ்சம் நவுந்துதான் சுத்தப் பாக்கும். அதான் குதிக்குது. பவுடரு இன்னா பண்ணும், அந்தப் புது நடுவுலருந்து எது தூரமோ அங்க ஓடும். எது தூரம்? கனம் கம்மியான பக்கம். அங்க போயி குந்திச்சுன்னா ரெண்டு பக்கமும் சரியாயிடும், குதி நின்னுடும். குதி நின்னா அதுவும் நவுறாது."

"வண்டி நின்னா?"

"வுழுந்துடும். மறுக்கா வேகம் வந்தா மறுக்கா எடம் தேடும். பள்ளத்துல வுட்டா கலைஞ்சுடும், திரும்ப சேரும்."

அதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு விஷயம் சொன்னான். என் காதில் இன்னும் இருக்கிறது. "ஆனா ஒண்ணு. இது கனத்தத்தான் சரி பண்ணும். ரிம்மு கோணிச்சுன்னாலோ, டயர் பொடைச்சுகினாலோ இதால ஒண்ணும் ஆவாது. அப்புறம் உள்ள தண்ணி போவக்கூடாது. போச்சுன்னா கட்டி தட்டிப்பூடும், அதுவே ஒரு பக்கம் கனமா நின்னுக்கும்."

விஜயவாடா போய்வந்தேன். பொய் சொல்லக்கூடாது, அற்புதமாக இருந்தது. வேகம் ஏறும்போது கொஞ்சம் உலுக்கியது, பிறகு யாரோ தட்டிக்கொடுத்த மாதிரி அடங்கிவிட்டது. வந்ததும் முதலாளியிடம் நானே புகழ்ந்தேன். எல்லா வண்டிக்கும் போடச் சொல்லிவிட்டார்.

அதோடு கம்பெனி ஷெட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. முன்பெல்லாம் வண்டி ஆடுகிறது என்று சொன்னால் மேஸ்திரி ஜாக்கி வைத்துத் தூக்குவார், சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார், முன்சக்கரம் திரும்புகிற முளையான கிங்பின்னை ஆட்டிப் பார்ப்பார். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பவுடர் போட்டாச்சே" என்பார். கோயிலில் மந்திரித்த எண்ணெய் பூசியாகிவிட்டது, இனி காய்ச்சல் இருக்கக்கூடாது என்பது போல. இருந்தால் அது நோயாளியின் குற்றம்.

துறைமுகத்துக்குள் தண்டவாளம் குறுக்கே போகிற இடத்தில் ஒரு பள்ளம். ஒரு மழைநாளில் முழு லோடோடு என் இடதுபக்க முன்சக்கரம் அதில் மடாரென்று விழுந்தது. அன்றிலிருந்து ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. பழைய ஆட்டம் இல்லை. இது மெதுவாகப் போகும்போதுதான் வரும். வாத்து நடக்கிற மாதிரி முன்பக்கம் இடமும் வலமுமாக அசையும், கையில் ஸ்டியரிங் இப்படியும் அப்படியும் போய்வரும். கிங்பின்தான் தேய்ந்துவிட்டது என்று நானும் நினைத்து கிரீஸ் அடித்துப் பார்த்தேன். ஆட்டம் நிற்கவில்லை.

மேஸ்திரியிடம் சொன்னேன். "பவுடர் போட்டாச்சே," என்றார். நான் விடவில்லை. கடைசியில் சலித்துக்கொண்டு, தானே ஓட்டிப் பார்ப்பதாகக் கிளம்பினார். எங்கே ஓட்டினார் தெரியுமா? காலி வண்டியை மாதவரம் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏற்றி விரட்டினார். பவுடர் வேலை செய்வது வேகத்தில்தான், ஆகவே வேகத்தில்தான் பார்க்கவேண்டும் என்பது அவர் கணக்கு. இந்த ஆட்டமோ வேகத்தில் அவ்வளவாகத் தெரியாது. திரும்பி வந்து, "வண்டி பட்டு மாதிரி போவுது நைனா. உனக்குத்தான் இன்னாவோ கீது," என்றார்.

மறுவாரம் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக்குப் பெட்டிகள் கொண்டுபோனேன். குறுகலான கேட். நடந்துபோகிற வேகத்தில் நுழைக்கிறேன், ஸ்டியரிங் ஒரு துள்ளு துள்ளியது, பம்பர் தூணில் உரசிவிட்டது. சேதம் பெரிதில்லை. ஆனால் கேட்டருகே நின்றிருந்த அவர்கள் அதிகாரி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்டியரிங் ஆடினால் அதைப் பிடித்திருக்கிற கையும் ஆடத்தானே செய்யும்? அவர் எங்கள் முதலாளிக்கு போன் போட்டு, உங்கள் டிரைவருக்குக் கை நடுங்குகிறது, அவரை இனிமேல் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

நான் ஷெட்டுக்குத் திரும்பும்போது முதலாளி, மேஸ்திரி, மற்ற டிரைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பஞ்சர் போட்ட டியூபைக் கொடுக்க வந்த என் சிநேகிதனும் இருந்தான்.

"கையை நீட்டுப்பா," என்றார் முதலாளி.

"எதுக்கு சார்?"

"நீட்டு. பாத்துடலாம்."

பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவன் நான். பள்ளிக்கூடத்துப் பையனைப் போல எல்லோர் முன்னாலும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தால் எந்த மனிதனுக்குத்தான் கை நடுங்காது? நடுங்கியது. விரல் நுனியெல்லாம் நடுங்கியது. நான் நிறுத்த நிறுத்த இன்னும் கூடியது. மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார்.

"வண்டியத் தூக்கிப் பாருங்க சார்," என்று கத்தினேன். "பள்ளத்துல வுழுந்த சக்கரம். தூக்கி சுத்தினா தெரிஞ்சுடும்." பிறகு என் சிநேகிதனைப் பார்த்தேன். "நீ சொல்லுடா. கோணல் இருந்தா பவுடரு ஒண்ணும் பண்ணாதுன்னு நீதானே சொன்னே? சொல்லு!"

முதலாளியும் அவனைப் பார்த்தார். அவன் கையிலிருந்த டியூபைத் தடவினான்.

"பவுடரு நல்லாத்தான் சார் கீது," என்றான். "எல்லா வண்டிலயும் நல்லாத்தான் வேலை செய்யுது."

ஒரு பொய்யும் சொல்லவில்லை, பாவி. கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். முதலாளி சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அதன்பின் எங்கே வேலை கேட்டுப் போனாலும் எனக்கு முன்னால் அந்தப் பேச்சு போயிருந்தது. சிலர் என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துப் பேசினார்கள். குடியா என்று கேட்டார்கள் சிலர், நரம்பா என்று கேட்டார்கள் சிலர். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். தூக்கும்போது எவனும் கையைப் பற்றிக் கேட்கவில்லை.

என் வண்டிக்கு ஒரு இளவட்டத்தைப் போட்டார்கள். அவனுக்கும் ஸ்டியரிங் ஆடியது. அவன் கெட்டிக்காரன், யாரிடமும் கேட்கவில்லை. எண்ணூரில் லோடு இறக்குகிற நேரத்தில் தானே ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு சாக்பீஸை ரிம்மின் ஓரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றியிருக்கிறான். கோடு சுற்றிலும் விழவில்லை, ஒரே இடத்தில் மட்டும் விழுந்தது. அந்த இடம் வெளியே பிதுங்கியிருந்தது. கழற்றிப் பிரித்தபோது டியூபுக்குள் பவுடர் ஈர மாவு மாதிரி கட்டியாகி அங்கங்கே அப்பிக்கிடந்ததாம். என் சிநேகிதன் கம்ப்ரசர் தொட்டியில் சேர்கிற தண்ணீரை வடிக்காமலே காற்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். கடலோர ஈரக்காற்று, தொட்டியில் தண்ணீருக்கா பஞ்சம்? அன்றைக்குச் சக்கரத்தைக் கழற்றியிருந்தால் அதுவும் வெளியே வந்திருக்கும். எங்கள் கம்பெனி வேலை அவன் கைவிட்டுப் போயிருக்கும். அவன் வாயை அடைத்தது அந்தத் தண்ணீர்தான்.

ரிம்மை மாற்றினார்கள். ஆட்டம் போய்விட்டது. செய்தி கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு முதலாளியிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை, அதனால்தான் இன்னும் கசக்கிறது. உட்காரச் சொன்னார்.

"தப்பு ஆயிடுச்சுப்பா. வண்டிலதான் கோளாறு. நான் ஒத்துக்கறேன்."

"அப்போ நாளைக்கு வரட்டுமா சார்?"

"நான் உன்னை ஏத்தினாலும் சரக்குக் குடுக்கறவங்க ஏத்துக்கணுமே. அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் ரிம்மு கதையைச் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? பேரு வெளிய போயிடுச்சுப்பா. ரிம்மு மாதிரி அதை மாத்த முடியல."

வீட்டுக்கு நடந்தே போனேன். என் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், பிதுங்கிய ரிம், சாக்பீஸ் கோடு, கட்டியான பவுடர், எல்லாம். கேட்கக் கேட்க அவள் கண் கலங்கியது. "எனக்குத் தெரியும். உனுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ஏசப்பா கண்ணத் தொறந்துட்டாரு," என்றாள். எழுந்துபோய் சூடாகக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். தன் டம்ளரில் விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தாள். என்னுடையதில் முக்கால்தான் இருந்தது, சிந்திவிடக்கூடாதே என்று.