போர்வைக்குள் பேசிய கரடி

அறுபதுகளில் செம்பூர் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் ஆங்கிலக் கார்ட்டூனுக்குத் தமிழ் வசனம் எழுதினேன். அதில் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ஒரு கரடி பாதித் தூக்கத்தில் விழித்து, வெளியே பனியைப் பார்த்து, 'இன்னும் வசந்தம் வரவில்லை' என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது சிரிப்பு. நம் பிள்ளைகள் பனியையும் வசந்தத்தையும் எங்கே கண்டார்கள்? விளக்கமாக எழுதிவைத்தேன். கரடி வாயை மூடிய பிறகும் என் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்சியை மட்டும் வெட்டி வளையமாக ஒட்டிய ஃபிலிம் திரையில் திரும்பத் திரும்ப ஓடியது. கரடிக்குக் குரல் கொடுத்தவர் தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலி பாய், நாடகத்தில் பழகியவர். ஒவ்வொரு தடவையும் வசனம் கரடியின் வாயைத் தாண்டிப் போக, நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

"சார், கரடி போர்வைய இழுத்து மூஞ்சிய மூடுதுல்லா? மிச்சத்த உள்ள இருந்து பேசிருதேன். வாய் தெரியாதுல்லா."

வாய் தெரியும்வரை 'இப்ப இல்ல' என்று மட்டும் வைத்தேன். கரடியின் உதடு ஒட்டும் இடத்தில் 'ப்ப' சரியாக உட்கார்ந்தது. போர்வைக்குள் போனதும் பாய் முனகினார்: "மாம்பழம் வரட்டும், எழுப்பு."

மாதுங்காவில் படம் போட்டபோது பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கரடியோடு சேர்ந்து அந்த வரியை இன்னொரு தரம் பேசிக்கொண்டிருந்தார்.