பால்காய்ச்சுக்கு ஒரே பாயசம்

வீட்டைக் கட்டி முடித்தபோது என் கை காலியாகிவிட்டது. பால்காய்ச்சு விருந்துக்குச் சமையல்காரர் அனுப்பிய விலையைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. சித்தப்பாவின் வாய்க்குப் பயந்து மூன்று பாயசம் கேட்டவன் நான்தான் என்பது வேறு விஷயம். வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "இந்த விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது, மன்னிக்கவும். எரிசேரியையும் ஓலனையும் எடுத்துவிட்டால் குறையுமா?"

சமையல்காரர் உடனே கூப்பிட்டார். "அண்ணாச்சி, அது ரெண்டும் வெறும் பூசணிக்கா கறிதான, அதுல என்னத்த மிச்சம் பிடிக்கப் போறிய? செலவு பூரா பாயசத்துலதான். சிறுபயறுப் பாயசம் ஒண்ணு மட்டும் வைப்போம். நல்லா குறையும்."

"ஒரு பாயசம்னா ஆளுவ பேசுவாவளே."

"நான் இலையில திரும்பத் திரும்ப ஊத்தி விளம்புவேன். போதும் போதும்னு சொல்லுகவன் எத்தன பாயசம்னு எண்ண மாட்டான்."

விருந்தன்று அவரே வாளியோடு பந்திக்கு வந்தார். சித்தப்பாவின் இலையில் ஊற்றினார். மறுபடி வந்து ஊற்றினார். மூன்றாம் முறையும் வந்து நின்றபோது, சித்தப்பா இரண்டு கைகளாலும் இலையை மறைத்துக்கொண்டு, "போதும்டே, ஆளைக் கொல்லாத" என்றார்.

சமையல்காரர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போனார்.