மருந்துச்சீட்டில் இல்லாத வரி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, பின்னாலேயே ஒரு முறை வலிப்பும் வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து வீட்டுக்கு அனுப்பியபோது மருந்துச்சீட்டு காகிதமாக வரவில்லை. அம்மாவின் போனுக்கு வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்ப அம்மாவுக்குத் தெரியும். தமிழென்றால் எழுத்துக்கூட்டாமல் படிப்பாள். இந்த ஆங்கில எழுத்தும் எண்களும்தான் பிடிபடவில்லை.

நான் மயிலாடுதுறையில் பள்ளி ஆசிரியை. மதிய இடைவேளையில் திரையைப் பெரிதாக்கிப் படித்தேன். வலிப்பு மாத்திரைக்கு 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் கிடையாது, இரவு ஒன்று. ரத்தம் உறையாமலிருக்கத் தந்தது 0-1-0, மதியம் மட்டும். வயிற்று மாத்திரைக்குப் பக்கத்தில் 'பி எஃப்', சாப்பாட்டுக்கு முன். மற்ற எல்லாவற்றுக்கும் 'ஏ எஃப்', சாப்பாட்டுக்குப் பின். கடைசியில் பெருக்கல் குறி போட்டு நாள் கணக்கு: வயிற்று மாத்திரை ஐந்து நாள், வலிப்பு மாத்திரை முப்பது நாள்.

எல்லாவற்றையும் தமிழில் கட்டம் போட்டு எழுதி, அந்த வாரக் கடைசியில் திருவையாற்றுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போய் பீரோ கதவில் ஒட்டினேன். எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அதோடு விட்டிருக்கலாம். வாத்தியார் புத்தி விடுமா? 'ஏ எஃப்' மாத்திரைகளுக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு, 'வெறும் வயிற்றில் கொடுக்கவே கூடாது' என்று சேர்த்தேன். முன்பு ஒரு நடவுச் சமயத்தில் அப்பா வெறும் வயிற்றில் மூட்டுவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய், ரத்த வாந்தி எடுத்தவர். அந்தப் பயம் எனக்கு.

மறுநாளே அப்பா பாதி இட்லியில் இருக்கும்போது அம்மா மாத்திரையை எடுத்து நீட்டிவிட்டாள். சாப்பாட்டுக்குப் பின் என்று பீரோவில் எழுதி ஒட்டியும் இப்படியா என்று கத்தினேன். அம்மா மாத்திரையைக் கையில் மூடிக்கொண்டு, அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றாள்.

அப்பா வீட்டுக்கு வந்த பத்தொன்பதாவது நாள் தாத்தாவின் திதி. கை சரியாக வராவிட்டாலும் நான்தான் செய்வேன் என்று அப்பா பிடிவாதம். திதிக்கு முந்தின இரவு அவர் சாப்பிடமாட்டார். அன்றைக்கும் எல்லாம் முடிந்து, காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் இலையில் உட்காருவார். ஐயர் வரத் தாமதமாகி மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கொல்லையில் சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிய அப்பா அப்படியே விழுந்தார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஆம்புலன்ஸ் வந்த பிறகும் நிற்கவில்லை.

மயிலாடுதுறையிலிருந்து பஸ் பிடித்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இருட்டிவிட்டது. டாக்டர் மாத்திரை அட்டைகளைக் கேட்டார். அம்மா மஞ்சள் பையோடு நீட்டினாள். வலிப்பு மாத்திரை வாங்கியது அறுபது. பதினெட்டு நாளும் அன்று காலையும் சேர்த்தால் முப்பத்தேழு போயிருக்க வேண்டும். இருபத்து மூன்று மீதி இருக்க வேண்டும். இருபத்தைந்து இருந்தன. நான் இரண்டு தடவை எண்ணினேன்.

"சாப்பிடலையே, அதான் குடுக்கல" என்றாள் அம்மா.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. அந்த மாத்திரையைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம், வேளை மட்டும் தவறவே கூடாது என்றார். கம்ப்யூட்டரில் எல்லா மாத்திரைக்கும் சாப்பாட்டுக்குப் பின் என்றுதான் தானாக விழும், நாங்கள் மாற்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னது பெருந்தன்மை. ஆனால் சீட்டில் 'கொடுக்கவே கூடாது' என்று எங்கும் இல்லை. அது என் வரி.

வெளியே பெஞ்சில் அம்மாவிடம் கேட்டேன், எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா என்று.

"போடலாம்னுதான் எடுத்தேன். இதுகூடத் தெரியாதான்னு திட்டுவியேன்னு வச்சுட்டேன்."

அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

அப்பா பிழைத்து வந்தார். ஆனால் அதுவரை குழறிக் குழறியாவது பேசிக்கொண்டிருந்த பேச்சு அத்தோடு நின்றுபோனது. புதிய ஸ்கிரீன்ஷாட்டில் அதே 1-0-1, இம்முறை தொண்ணூறு நாள். 'ஏ எஃப்' இல்லை. 'சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் காலை எட்டு, இரவு எட்டு' என்று எழுதி ஒட்டினேன். அம்மா அந்தத் தாளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நான்கு ஏக்கர் நிலத்தையும் ஆட்களையும் தனியாகக் கட்டி மேய்த்தவள், தினமும் இரண்டு வேளையும் எனக்குப் போன் செய்து, குடுக்கட்டுமா என்று கேட்கிறாள்.

போன வாரம் பரீட்சை வேலை. ஏழரைக்கே பள்ளியில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் பதினோரு அழைப்புகள். பதறிப்போய்க் கூப்பிட்டேன். அப்போது மதியம் மணி ஒன்று.

"மாத்திரை குடுத்தியாம்மா?"

"கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ சொல்லாம நான் எப்படிக் குடுக்கிறது?"