கார்டு இல்லாத ஐந்து கம்ப்யூட்டர்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அதை நான் மறுத்ததில்லை. அந்தக் கோபத்தால் கெட்ட காரியங்கள் சில உண்டு, நடந்த காரியங்களும் உண்டு. இது நடந்த காரியம்.

காரைக்குடிப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் எனக்கு ஒரு ஆன்லைன் சென்டர் இருக்கிறது. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், பட்டா நகல், கல்யாணப் பத்திரிகை டைப்பிங் என்று பொழுது போகும். பழைய கம்ப்யூட்டர்கள் இழுத்துக்கொண்டு கிடந்ததால் அத்தனையையும் தள்ளிவிட்டு, புதிதாகப் பத்து வாங்கிப் போட்டேன். புது பிராசஸர், ஆனால் மலிவு ரகம். படம் காட்டும் பகுதியும் அதற்குள்ளேயே இருப்பதால் தனியாக கிராபிக்ஸ் கார்டு போடவில்லை. விண்ணப்பம் நிரப்ப கார்டு எதற்கு?

வாங்கிய சில நாட்களில் ஐந்து கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்றவள் கண்டரமாணிக்கத்துப் பெண், மற்ற நால்வருக்கும் அவள்தான் கேப்டன். பக்கத்து மகளிர் விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் வேலரன்ட் என்ற துப்பாக்கி விளையாட்டில், கல்லூரி அணிகளுக்கான ஆன்லைன் போட்டியில் சுற்றுச் சுற்றாக ஜெயித்து வந்திருக்கிறார்கள். எல்லாம் விடுமுறையில், ஆளுக்கொரு ஊரில், அண்ணன் கம்ப்யூட்டரிலும் சித்தப்பா கம்ப்யூட்டரிலும் ஆடியது. இப்போது கல்லூரி திறந்துவிட்டது. அடுத்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதில் ஜெயித்தால் சென்னையில் மேடையில் ஆடலாம். உட்கார இடம் கிடைக்காவிட்டால் ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள்.

ஊரில் கேம் சென்டர் ஒன்று உண்டு. அங்கே போக விடுதி வார்டன் அனுமதிக்கவில்லை. "பயலுக கூட்டமா கெடக்குற எடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன். அந்த அக்கா கடையின்னா போங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த அக்கா நான்தான்.

"ஓடுமாக்கா இதுல?" என்று கேட்டாள் கேப்டன்.

எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர்களை விற்ற தம்பிக்கு போன் போட்டேன். நல்ல பிள்ளைதான், ஆனால் சிரித்துவிட்டான்.

"அக்கா, நீங்க வாங்கிருக்கது டைப்படிக்கிற மிசினு. கார்டு இல்லாம கேமா? ஆசைப்படுறதுக்கு ஒரு அளவு வேணாமாக்கா? ஒன்னு ரெண்டுக்காச்சும் கார்டு போடுறீகளா, சொல்லுங்க."

அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் நான் அந்தப் பெண்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். "உள்ள வாங்கத்தா" என்றேன்.

விளையாட்டை இறக்கி ஏற்றவே ஒரு நாள் போனது. அது திருட்டாட்டத்தைத் தடுக்க ஒரு காவல் நிரலையும் சேர்த்து வைக்கிறது. கம்ப்யூட்டர் திறக்கும்போதே அதுவும் எழுந்து உட்கார வேண்டும். இரண்டு கம்ப்யூட்டர்கள் பாதுகாப்பு அமைப்பு சரியில்லை என்று சொல்லி ஆடவே விடவில்லை. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய், 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பை இயக்கிய பிறகுதான் இறங்கி வந்தன. அதன்பின் கேப்டன் எல்லா அமைப்பையும் குறைந்த அளவில் வைத்தாள். நிழல் வேண்டாம், பளபளப்பு வேண்டாம். திரை மூலையில் ஒரு எண் ஓடியது. விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு அது. அறுபதுக்குக் கீழே இறங்காமல் நின்றால் ஆடலாம் என்றாள்.

ஆளில்லாத பயிற்சித் திடலில் எண்பதுக்கு மேல் ஓடியது. எனக்குத் தலை கால் புரியவில்லை. விற்ற தம்பிக்கு உடனே போன் போட நினைத்தேன், நல்லவேளை போடவில்லை. உண்மையான ஆட்டத்தில் பத்துப் பேர் இறங்கி, புகைக்குண்டு வெடித்து, ஆளாளுக்கு வித்தை காட்டத் தொடங்கியதும் எண் நாற்பதுக்குச் சரிந்தது. அதுவும் ஒரே சீராக இல்லை. நின்று நின்று வந்தது. கேப்டன் குறி வைத்து, சுட்டு முடிப்பதற்குள் அவளே செத்துக் கிடந்தாள்.

திரையின் நுணுக்கத்தை, அதாவது ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தோம். எண் கொஞ்சம் ஏறியது. ஆனால் தூரத்தில் நிற்கும் எதிரியின் தலை சுண்டைக்காய் போல மங்கிப்போனது. "யாரச் சுடுறதுன்னே தெரியலக்கா" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அழுகிற பிள்ளையைத் தேற்றும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது, கோபம்தான் வரும். எதன் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை அந்தக் கம்ப்யூட்டரில் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிராசஸர் பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது. படம் வரையும் பகுதி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மெமரி பக்கத்தில் ஒரு வரி: இரண்டு ஸ்லாட்டில் ஒன்று பயன்பாட்டில்.

மெமரி செருகும் இடம் இரண்டில் ஒன்று காலி. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். வாங்கும்போதே, "எட்டு ஜிபி ஒன்னே ஒன்னு போடுவோம், இன்னொரு ஸ்லாட்டு பிற்பாட்டுக்குச் சும்மா கெடக்கட்டும்" என்று அந்தத் தம்பி சொன்னான், நானும் தலையாட்டினேன். எங்கள் ஊரில் வீடு கட்டினாலும் மாடிக்குக் கம்பி நீட்டி விட்டுத்தான் முடிப்பார்கள். பிற்பாட்டுக்கு என்று ஒரு காலி இடம் இல்லாவிட்டால் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

கேப்டனும் நானும் அந்த வரியைப் பற்றி இணையத்தில் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க எனக்கு வெளிச்சமானது. தனி கார்டு என்றால் அதற்கென்று சொந்த மெமரி இருக்கும். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. கம்ப்யூட்டரின் மெமரியான ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ராம் ஒன்றே ஒன்று என்றால் தகவல் வந்து போக ஒரு வழிதான். கல்யாணப் பந்தியில் இலை நிறையப் போட்டுவிட்டு ஒரே ஆளைப் பரிமாறச் சொன்னால் என்ன ஆகும்? சோறு அண்டா நிறைய இருக்கும், இலை காய்ந்து கிடக்கும். இரண்டு ராம் போட்டால் இரண்டு பேர் பரிமாறுவார்கள். அவ்வளவுதான் சங்கதி.

ராம் கேட்டு அந்தத் தம்பிக்கே போன் போட்டேன். "வெல ஏறிப்போச்சுக்கா, சரக்கே இல்ல. மதுரையிலருந்து வர அடுத்த வாரம் ஆயிரும்" என்றான். ஆட்டம் நாளைக்கு.

போனை வைத்துவிட்டு அறையைப் பார்த்தேன். பத்துக் கம்ப்யூட்டர்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ராம். ஆடப்போவது ஐந்து பேர்.

ஐந்தைச் செத்ததாக விட்டால் ஐந்து பிழைக்கும். ஆனால் அப்போது அரசுத் தேர்வு விண்ணப்பம் முடிகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை வாசல் வரை ஆள் நிற்கும். எல்லாக் கம்ப்யூட்டரையும் எடுத்துவிட்டால் கடைக்கு வருகிறவர்களுக்கு என் சொந்த லேப்டாப் ஒன்றுதான் மிச்சம். கொஞ்சம் யோசித்தேன் என்பது பொய், யோசிக்கவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன்.

மின் இணைப்பைப் பிடுங்கி, உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் போக இரும்பைத் தொட்டுவிட்டு, வரிசையாக ஐந்து பெட்டிகளிலிருந்து ராமைக் கழற்றினேன். பக்கத்துப் பெட்டியின் காலி ஸ்லாட்டில் வைத்து, இரண்டு முனையிலும் சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். முதல் கம்ப்யூட்டரை இயக்கினேன். காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. காத்திருந்தோம். அப்போதும் கறுப்பு. பெண்கள் என்னைப் பார்க்க, நான் சுவரைப் பார்த்தேன். நல்ல கம்ப்யூட்டரையும் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். புது ராமைக் கண்டால் கம்ப்யூட்டர் முதல் முறை அதைப் பழகிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. திரை வெளிச்சமானபோது நான் என்னையறியாமல் பிள்ளையாரைக் கூப்பிட்டிருக்கிறேன், பெண்கள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

கேப்டன் உட்கார்ந்தாள். உண்மையான ஆட்டம், பத்துப் பேர், புகை. மூலையில் நூற்று நாற்பது. சண்டை முற்றியது, நூற்றுப் பத்து. இன்னும் முற்றியது, நூறு. அதற்குக் கீழே அது வரவே இல்லை. கேப்டன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா" என்று மட்டும் சொன்னாள். நான் மற்ற நான்கிலும் அதே மாதிரி ராமைச் செருகிப் பெட்டியை மூடினேன்.

எல்லா விளையாட்டும் இப்படி ஓடும் என்று சொல்ல மாட்டேன். கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற இன்னொரு துப்பாக்கி விளையாட்டின் புதுப் பதிப்பையும் போட்டுப் பார்த்தோம். அது இதைவிடப் பாரம். அமைப்பைக் குறைத்து, திரை நுணுக்கத்தையும் குறைத்த பிறகுதான் அறுபதுக்கு மேல் நின்றது. பெரிய கதை விளையாட்டுகளை அதில் போடுவது வீண். ஆனால் எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான், அது ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வார்டனும் துணைக்கு வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விண்ணப்பம் போட வந்தவர்களை நான் வாசலில் நாற்காலி போட்டு, லேப்டாப்பில் ஒவ்வொருவராகப் பார்த்தேன். சாக்கோட்டையிலிருந்து வந்த ஒருவர், "அம்புட்டு கம்ப்யூட்டர் கெடக்கு, பாதி இருட்டா இருக்கே, என்னாச்சு?" என்றார். "அதுக இன்னைக்கு லீவு" என்றேன்.

முதல் பாதியில் எங்கள் பெண்கள் பின்தங்கினார்கள். பிறகு ஒவ்வொரு சுற்றாகப் பிடித்து ஏறினார்கள். கடைசிச் சுற்றில் ஜெயித்தால் ஆட்டம் எங்களுக்கு, தோற்றால் சமநிலையாகி ஆட்டம் நீளும் என்ற நிலை. எங்களில் நால்வர் செத்துவிட்டார்கள். கேப்டன் மட்டும் உயிரோடு, எதிரில் இரண்டு பேர். எதிரிகள் புகைக்குண்டு வீசினார்கள். திரை முழுக்கச் சாம்பல். விண்ணப்பத்துக்கு வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். ஆட்டத்தைப் பார்க்கவில்லை, எனக்கு அது புரியவும் புரியாது. மூலையில் இருந்த எண்ணைத்தான் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. நூற்று ஏழு. நூற்று ஒன்பது. இறங்கவில்லை. புகையின் ஓரத்தில் ஒரு தோள் தெரிந்தது, சுட்டாள். இன்னொருவன் திரும்புவதற்குள் மறுபடி சுட்டாள்.

முதலில் கத்தியது நான்தான். வாசலில் நின்றவர்கள் சண்டை என்று நினைத்து உள்ளே ஓடி வந்தார்கள். ஐந்து பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

வார்டன் எழுந்து கேப்டனின் கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் இருட்டாகக் கிடந்ததையும் பார்த்தார். "இதுலருந்து எடுத்து அதுல போட்டீகளாக்கும்?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று, விற்ற தம்பி சிரித்தது வரைக்கும் சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்து விடுதிக்குப் பேசினார். சத்தமாகத்தான் பேசினார், வாசல் வரை கேட்டது.

"நம்ம பிள்ளைக கெலிச்சுட்டாக. சென்னைக்குப் போறாக. கார்டு கீர்டு ஒன்னும் கெடையாது, சும்மா டைப்படிக்கிற மிசினுதான். நான்தான் கூட்டிட்டுப் போவேன், சொல்லிரு."