வாங்குகிறவனின் பங்கு

பங்குத் தரகரான நான் என் புத்திசாலித்தனத்தை எப்போதும் அடுத்தவர் காசில்தான் சோதித்துப் பார்ப்பேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர், முழங்கால் ஒப்பரேஷனுக்கென்று ஒரு சின்ன பிஸ்கட் கம்பெனியின் பங்குகளை வைத்திருந்தார். ஒரு பங்கு நாற்பது ரூபாய். ஒருநாள் காலை, பெரிய கம்பெனி ஒன்று அவற்றை அறுபதுக்கு வாங்குவதாக அறிவித்தது. விலை உடனே ஐம்பத்தேழுக்குத் தாவியது. பேரம் குழம்பிவிடலாம் என்ற பயத்தில்தான் மூன்று ரூபாய் குறைவு. பெரிய கம்பெனியின் பங்கோ சற்று இறங்கியது. மலிவு என்று நினைத்தேன்.

"டீச்சர், இதை வித்துட்டு வாங்கிறவன்ட பங்கை எடுப்பம். விழுங்கிறவன்தானே கொழுப்பான்!" என்று தொலைபேசியில் சிரித்தேன்.

"ஓம் தம்பி. உமக்குத் தெரியும்தானே."

மாற்றி வாங்கிய பெரிய கம்பெனியின் பங்கு வாரக்கணக்கில் விழுந்துகொண்டே போனது. டீச்சர் அழைத்தார்.

"நாப்பது ரூபாச் சாமானுக்கு அறுபது குடுக்கிறான். அந்த இருபதுக்கு மேல ஆதாயம் வராட்டி, நட்டம் அவன்ட பங்குக்காரருக்குத்தானே தம்பி? இப்ப அது நான்."

"ஒப்பரேஷன்?"

"அடுத்த வருஷம் பாப்பம்."

எங்கள் அலுவலகத்தில் பங்கு வாங்க, விற்கச் சொல்லும் ஓடர் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். பங்கை மாற்றிய அன்றைய பதிவைப் போட்டுக் கேட்டேன். 'ஓம்' சொல்வதற்கு முன் அவர், "ஆனா தம்பி..." என்று ஏதோ கேட்கத் தொடங்கியிருக்கிறார். என் சிரிப்புச் சத்தத்தில் அது எனக்கு அன்று கேட்கவில்லை.