நெற்றியில் இருந்த தழும்பு

கல்யாண குரூப் போட்டோவில் கண்ணை மூடிவிட்டவருக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பேன். புதுமனை புகுவிழாப் படத்தில், அதற்கு முன்பே இறந்துபோன மாமனாரைக் கொண்டுவந்து நிறுத்துவேன். பேனருக்காக அறுபது வயதுக்காரரை நாற்பதாக்குவேன். திருக்கோகர்ணத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்ததிலிருந்து இதுதான் என் பிழைப்பு. இதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் முதலில் கழுத்தைப் பார்ப்பேன். முகத்தை மாற்றுகிறவர்கள் கழுத்தை மறந்துவிடுவார்கள்.

அந்த டீச்சர் கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பள்ளிக்கூடம் விட்டு அப்படியே பஸ் ஏறி வந்த களைப்பு இருந்தாலும் முகம் பூரித்துப் போயிருந்தது.

“ஒரு குடும்பப் படம் செய்யணுங்கக்கா. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. அவங்க பழைய படம் இருக்கு. அண்ணன், நான், அப்பறம் எந்தம்பி. எல்லாரும் ஒண்ணா நிக்கிற மாதிரி வேணும்.”

தம்பி பிளஸ் டூ முடித்த கையோடு மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர். கொஞ்ச காலம் பேசிக்கொண்டிருந்தார், பிறகு பேச்சே இல்லை. வருஷக்கணக்காக எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல், டீச்சர் சமீபத்தில் அவருடைய பள்ளிக்கூடப் படத்தை அங்குள்ள தமிழர்களின் முகநூல் குழுக்களில் எல்லாம் போட்டுத் தேடியிருக்கிறார். பாஸ்போர்ட் எடுத்து நேரிலேயே போவது என்று கிளம்பிய சமயத்தில், தெரியாத ஒரு மலேசிய எண்ணிலிருந்து வாட்ஸப்பில் படம் வந்ததாம். கூடவே ஒரு வரி: நல்லா இருக்கேன், தேட வேணாம், நானே வாரேன். அதன்பிறகு அந்த எண் ஸ்விட்ச் ஆஃப்.

போனை என் கையில் கொடுத்தார். உயரமான கட்டடத்துக்கு முன்னால் கட்டம் போட்ட சட்டையில் நாற்பதை நெருங்கும் ஓர் ஆள். நெற்றியில் கோடுகள், கண்ணோரத்தில் சுருக்கம், மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு. நான் கழுத்தைப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. முகத்துக்கு நாற்பது வயதென்றால் கழுத்துக்கு இருபத்தைந்துகூட இருக்காது.

அதை நான் சொல்லவில்லை. “படம் ரொம்பச் சின்னதா இருக்கு டீச்சர். கண்ணு, உதடெல்லாம் தெளிவா வராது. தம்பியோட பழைய படம் பெருசா இருந்தா குடுங்க, அதைப் பாத்து சரி பண்றேன்” என்று மட்டும் கேட்டேன்.

பிளஸ் டூ குரூப் போட்டோவைப் பையிலிருந்து எடுத்தார். இரண்டாவது வரிசையில், தலையை லேசாகச் சாய்த்து, வாயின் ஒரு ஓரம் மட்டும் சிரிக்க நின்றுகொண்டிருந்தான் அந்தப் பையன். ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். புதுப் படத்திலும் அதே சாய்வு, அதே ஓரச் சிரிப்பு.

“சின்ன வயசுலேருந்தே அப்படித்தாங்கக்கா நிப்பான்” என்றார் டீச்சர்.

இருக்கலாம். ஆனாலும் மனம் கேட்கவில்லை. புதுப் படத்தை ஒரு லேயராகப் பழைய படத்தின் மேல் வைத்தேன். பாதி ஊடுருவித் தெரியும்படி ஆக்கி, இரண்டு படத்திலும் கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் ஒன்றாகும்வரை சுருக்கி நகர்த்தினேன். கண் பொருந்தியது. மூக்கு நுனி பொருந்தியது. உதட்டின் வளைவு, தாடையின் ஓரம் எல்லாமே கோட்டுக்குக் கோடு போய் உட்கார்ந்தன.

டீச்சர் கைதட்டாத குறை. “பாத்தீங்களா, அப்படியே இருக்கான்!”

எனக்கு அதுதான் உறுத்தியது. ஒரே ஆளை ஒரே நாளில், ஒரே இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை எடுத்தாலும் இப்படிப் பொருந்தாது. தலை ஓர் இழை திரும்பினால் மூக்கு நகரும். கேமரா கொஞ்சம் கிட்ட வந்தால் முகமே அகலும். இதில் இருபது வருஷம் வேறு. வயது ஏறினால் மூக்கு நுனி இறங்கும், மேல் இமை தொங்கும், உதடு மெலியும், தாடையோரம் தளரும். இந்த முகத்தில் எலும்புக்கும் சதைக்கும் வயதே ஆகவில்லை. மேலே தோலுக்கு மட்டும் வயதைப் பூசியிருந்தார்கள். சட்டையில் வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுந்தது. முகத்திலோ மரத்தடி நிழலில் எடுத்த பள்ளிக்கூடப் படத்தின் வெளிச்சம்.

“டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது” என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் திரையிலேயே காட்டிச் சொன்னேன்.

அவர் முகம் கறுத்தது. “ஒங்களுக்கு என்ன தெரியும்? அவன நான் தூக்கி வளத்தேன். எனக்குத் தெரியாதா?”

“ஒங்க தம்பி முகந்தான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா இது இப்ப எடுத்த முகம் இல்ல. இந்த குரூப் போட்டோவுல இருக்கிற முகத்தத்தான் எடுத்து வேற ஆள் ஒடம்புல வச்சிருக்காங்க. நீங்க முகநூல்ல போட்ட படந்தானே இது?”

டீச்சர் திரையைத் தொட்டுக் காட்டினார். “அப்ப இந்தச் சுருக்கமெல்லாம்?”

நல்ல கேள்வி. நெற்றியை மட்டும் பெரிதாக்கினேன். போனில் உள்ள செயலிகள் வயதாக்கினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி, மெழுகில் கீறியதுபோல் வரும். இது அப்படி இல்லை. கோடுகள் நேராக ஓடவில்லை. நடுக்கோடு இடது புருவத்துக்கு மேலே அறுந்து, அந்த இடத்தில் வேப்பம்பழ அளவுக்கு ஒரு தழும்பைச் சுற்றிக்கொண்டு போனது. நிஜமான ஒருவர் நெற்றியிலிருந்து தோலின் சொரசொரப்பையும் கோடுகளையும் மட்டும் பிரித்தெடுத்து, நிறத்தை விட்டுவிட்டு, இந்த முகத்தின் மேல் ஒட்டியிருந்தார்கள். பழகிய கைதான் செய்திருக்கிறது. பள்ளிக்கூடப் படத்தில் அந்தத் தழும்பு கிடையாது.

“போன எடத்துல எங்கயாச்சும் அடிபட்டிருக்கும்னு நெனச்சேன்” என்றார் டீச்சர்.

யார் எதற்காக இதைச் செய்திருப்பார்கள் என்று யோசித்தேன். நான் பார்த்தவரையில் இந்த மாதிரி வேலைக்குப் பின்னால் நிலம் இருக்கும், இல்லையென்றால் கல்யாணம் இருக்கும். ஊரில் சொத்து பிரிக்காமல் இருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். இருக்கிறது என்றார். அண்ணன்தான் விவசாயம் பார்க்கிறாராம். தம்பி வருவார் என்று காத்திருக்கும்வரை பாகம் பிரிக்க முடியாது, நிலம் அண்ணன் கையிலேயே இருக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் வெளியே பைக் நின்றது. “அண்ணன் வந்திருச்சு. கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச்சு” என்று டீச்சர் எழுந்தார். வந்தவர் ஐம்பதை ஒட்டியவர். வெயிலில் வந்ததால் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

“முடிஞ்சிருச்சா? நேரமாச்சு, கெளம்புவமா?”

துண்டை இறக்கியபோது நான் பார்த்துவிட்டேன். இடது புருவத்துக்கு மேலே தழும்பு. அதைச் சுற்றிக்கொண்டு போகும் கோடு. பார்க்காததுபோல் இருக்க முயன்றேன், முடியவில்லை. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்த திசையில் அண்ணனைப் பார்த்தார். திரும்பித் திரை முழுக்க நிறைந்திருந்த நெற்றியைப் பார்த்தார். தினமும் பார்த்த நெற்றி. தினமும் பார்ப்பதாலேயே தெரியாமல் போயிருந்த நெற்றி.

“அண்ணே, இது ஒன் நெத்தி.”

“என்னத்தா சொல்ற?”

“இது ஒன் நெத்தி. மாட்டுக்கொம்பு பட்டுச்சே, அந்தத் தழும்பு.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க இந்தப் புள்ளைக்கு?” குரலில் மிரட்டல் இருந்தது. கால் மட்டும் பின்னால் நகர்ந்தது.

“நான் படத்தத்தான் பாத்தேங்க” என்றேன்.

“எதுக்குண்ணே? அந்த நாலு மா நெலத்துக்கா? கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேனே. எந்தம்பி மூஞ்சிய வச்சா வெளையாடுவ?”

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டை மடியில் போட்டு மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“நெலமெல்லாம் இல்லத்தா. அவன் இல்ல.”

துண்டைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வந்த செய்தியாம். தம்பியோடு தங்கியிருந்தவர் போன் செய்து சொல்லியிருக்கிறார். காய்ச்சல், ஆஸ்பத்திரி, முடிந்துவிட்டது. முறையான பேப்பர் இல்லாமல் வேலை பார்த்ததால் உடலைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே அடக்கம். அப்பா காதில் விழக் கூடாதென்று யாரிடமும் சொல்லவில்லை. அப்பா போன பிறகு சொல்லலாம் என்றால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

“நீ அங்க போய்த் தேடப்போறேன்னு நின்ன. என்ன செய்யிறதுன்னு தெரியல. திருச்சியில பேனர் டிசைன் பண்ற சிநேகிதன் ஒருத்தன். ஆப்புல செஞ்சது பொம்மை மாதிரி இருக்குன்னு, ‘ஒன் போட்டோவ குடு, அண்ணன் தம்பிக்குச் சுருக்கம் ஒண்ணுபோலத்தான் விழும்’னான். மலேசியாவுல தம்பிகூட இருந்த ஆள்தான் அவர் போனுலேருந்து ஒனக்கு அனுப்பினாரு. நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இரு. அதான்.”

டீச்சர் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “இதையும் நீ செஞ்சு சொல்லலன்னு நான் எப்படி நம்புறது?” என்று கேட்டுவிட்டு, அண்ணன் பைக்கில் ஏறாமல் தனியாக நடந்து போய் பஸ் ஏறினார்.

உண்மையைச் சொன்னால் அண்ணன் சொன்ன கதையை நானும் முழுதாக நம்பவில்லை. சோகத்தை முன்னால் வைத்து நிலத்தைப் பின்னால் மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

சில வாரங்கள் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். அண்ணனிடம் வேறு எண் வாங்கி, தம்பியோடு அறையில் தங்கியிருந்தவரிடமிருந்து கேட்டு வாங்கிய படம் என்று ஒன்றை நீட்டினார். “இதுவும் செஞ்சதான்னு பாருங்கக்கா.”

அடுக்குக் கட்டில் போட்ட ஓர் அறை. கைலியும் பனியனுமாக ஒருவர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டே நிமிர்ந்து பார்க்கிறார். முன்நெற்றி ஏறியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. யாரும் கற்பனை செய்திராத அடர்ந்த மீசை. நெற்றியில் ஒற்றைக் கோடுதான், தழும்பு இல்லை. பள்ளிக்கூடப் படத்தின் மேல் வைத்தேன். எதுவும் பொருந்தவில்லை. தலை நிமிர்ந்திருந்தது, முகம் இளைத்திருந்தது. ஆனால் காதின் உள்மடிப்பு இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது. குண்டுபல்பின் மஞ்சள் வெளிச்சம் முகத்திலும் கழுத்திலும் கையிலும் ஒரே பக்கத்திலிருந்து விழுந்தது. தோலின் வயது எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தது.

“திருத்தின மாதிரி எனக்குத் தெரியல. வாட்ஸப்புல வந்த படம், பாதித் தடயம் அதுலயே அழிஞ்சு போயிரும். இதுக்கு மேல என்னால அடிச்சுச் சொல்ல முடியாது டீச்சர்.”

“எந்தம்பிதான். கண்ணு எரிஞ்சா இப்படித்தான் முழிப்பான்” என்றார். பிறகு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆனா இதுல உயிரோடதானே இருக்கான்?” என்றார்.

எந்தப் படமும் அதற்குமேல் சொல்லாது.

கோடை விடுமுறையில் அண்ணனும் தங்கையுமாக மலேசியா போனார்கள். டீச்சர்தான் அண்ணனைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனார், ஊரிலேயே விட்டுவிட்டுப் போனால் இன்னொரு கதை சொல்லிவிடுவாரோ என்று. அந்த அறைத் தோழர் வந்து அடக்கம் செய்த இடத்தைக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்ததும் டீச்சர் எனக்குப் போன் செய்தார்.

“பாத்துட்டோங்கக்கா. பேரு எழுதியிருக்கு. அண்ணந்தான் முன்னாடி விழுந்து அழுதுச்சு.”

அந்தக் குடும்பப் படத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அங்கே படம் ஏதாவது எடுத்தீர்களா என்று நானும் கேட்கவில்லை.